கூலி ஏறினால் கை ஏன் ஓய்கிறது?

ஜெர்மனியின் கிழக்குப் பகுதிப் பண்ணைகளில் அறுவடைக் காலம் முதலாளிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் காலம். விளைந்து நிற்கும் கதிர் மழைக்கு முன் களம் சேர வேண்டும். ஆட்களை விரட்டுவதற்குப் பதிலாக, அறுக்கும் நிலத்தின் அளவுக்கேற்பக் கூலி என்று வைத்து, அந்தக் கூலியையும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தால் வேகமாக அறுப்பார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதன் விளைவை ஓர் உதாரணக் கணக்காகத் தருகிறார். மார்கன் என்பது அங்கத்திய நில அளவு; நம் ஏக்கரில் பாதிக்குச் சற்று மேல் வரும். ஒரு மார்கனுக்கு 1 மார்க் கூலி என்றிருந்தபோது ஓர் ஆள் நாளைக்கு இரண்டரை மார்கன் அறுத்து இரண்டரை மார்க் சம்பாதித்தான். கூலியை 1.25 மார்க் ஆக்கினார்கள். மூன்று மார்கன் அறுத்திருந்தால் 3.75 மார்க் கிடைத்திருக்கும். அவனால் அது முடியாததும் இல்லை. அவனோ இரண்டு மார்கனோடு அரிவாளைக் கீழே வைத்தான். இரண்டை ஒன்றேகாலால் பெருக்கினால் அதே இரண்டரை மார்க். மீதிப் பொழுது அவனுடையது.

இதைப் பார்த்த முதலாளிகள் வந்த முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சோம்பேறிகள், பழகிய வருமானத்துக்கு மேல் ஆசையில்லாதவர்கள், கூலியைக் குறைத்தால்தான் வேலை செய்வார்கள். இங்கிலாந்தில் ஆர்தர் யங் என்ற விவசாய எழுத்தாளர் 1771லேயே, அடித்தட்டு மக்களை ஏழைகளாக வைத்திருந்தால்தான் உழைப்பார்கள் என்று கொஞ்சமும் கூசாமல் எழுதியிருந்தார். ஐந்தே ஆண்டு கழித்து ஆடம் ஸ்மித் அதை மறுத்தார். நல்ல கூலி வாங்குபவன் நல்ல உணவும் நம்பிக்கையும் உள்ளவன், அவன் கூடுதலாகவே உழைக்கிறான் என்பது அவர் வாதம். வேபரும் கூலிக் குறைப்புக்காரர்கள் பக்கம் நிற்கவில்லை. அடிமாட்டுக் கூலி வாங்கிய சைலீசியப் பகுதி ஆள், முழு மூச்சாக அறுத்தாலும், நல்ல கூலியும் சாப்பாடும் கிடைத்த அண்டைப் பகுதி ஆள் அறுப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் அறுத்தான் என்பதை அவரே எடுத்துக் காட்டுகிறார்.

ஆக, கூலியை உயர்த்தினால் வேலை கூடுமா, குறையுமா? இரண்டும் நடக்கும் என்பதுதான் பொருளாதாரம் சொல்லும் பதில். மழுப்பல் போலத் தெரியும்; கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை.

நம் ஊர்த் தெருவுக்கு வருவோம். வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எத்தனை தைப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு பிளவுஸுக்கு, ஹெம்மிங், ஹூக் எல்லாம் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். கூலி 100 ரூபாய். நாளைக்கு ஆறு பிளவுஸ், ஒன்பது மணி நேரம், 600 ரூபாய். இப்போது கூலி 150 ஆகிறது. அக்கா கொஞ்ச நாளில் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறார். 750 ரூபாய் கையில் வருகிறது, ஏழரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார். முன்பைவிட 150 ரூபாய் கூடுதல், ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

இதில் என்ன நடந்தது? கூலி உயர்வு என்ற ஒரே பொட்டலத்துக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, இனிமேல் தைக்காமல் உட்காரும் ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்துக்கும் அவர் இழப்பது 100 அல்ல, 150. ஓய்வின் விலை ஏறிவிட்டது. விலை ஏறிய பொருளைக் குறைவாக வாங்குவதுதான் மனித இயல்பு. இந்த இழுப்பு அவரை மெஷினை நோக்கித் தள்ளும். இதைப் பதிலீட்டு விளைவு என்பார்கள். இரண்டாவது, அவர் ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்த அதே ஆறு பிளவுஸுக்கு, விரலைக் கூடுதலாக அசைக்காமலே, நாளைக்கு 300 ரூபாய் அதிகம் கிடைக்கிறது. அது ஏறக்குறைய அன்பளிப்பு மாதிரி. கையில் பணம் கூடினால் நாம் மீனும் வாங்குவோம், புடவையும் வாங்குவோம். அவற்றோடு கொஞ்சம் ஓய்வையும் வாங்குவோம். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நிற்பதும், முதுகு வலிக்குமுன் எழுவதும் பணம் இருந்தால் வாங்கக்கூடியவை. இதுதான் வருமான விளைவு.

இரண்டையும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கூலியை 150 ஆக்கும் அதே நாளில், மெஷினுக்கு நாள் வாடகை 300 ரூபாய் என்று யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையபடி ஆறு தைத்தால் 900, வாடகை போக அதே 600. அன்பளிப்பு போய்விட்டது, ஆனால் ஒரு பிளவுஸின் விலை மட்டும் 150ஆக நிற்கிறது. இந்த நிலையில் அக்கா ஏழாவது பிளவுஸையும் எடுத்துவிடுகிறார் என்று வையுங்கள்: 1,050 கழித்தல் 300, கையில் 750. ஆறிலிருந்து ஏழுக்குப் போன இந்த ஒன்றுதான் பதிலீட்டு விளைவு. இப்போது அந்த வாடகையை ரத்து செய்யுங்கள். நாளைக்கு 300 ரூபாய் சும்மா வந்து விழுகிறது. அவர் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்குகிறார். இந்த இரண்டு பிளவுஸ் இறக்கம் வருமான விளைவு. ஒன்று ஏறி இரண்டு இறங்கியதால் கடைசியில் நாம் வெளியிலிருந்து பார்ப்பது ஆறு ஐந்தான கதையை மட்டும். பார்ப்பவர் ‘கூலி ஏறியதும் திமிர் ஏறிவிட்டது’ என்பார். உள்ளே நடந்த இழுபறி அவர் கண்ணுக்குத் தெரியாது.

அன்பளிப்பு இவ்வளவு பெரியதாக ஏன் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்தது 50 ரூபாய். அது ஏற்கெனவே தைத்த ஆறு பிளவுஸால் பெருக்கப்பட்டு 300 ஆகிறது. அதாவது நீங்கள் எவ்வளவு அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கிறீர்களோ, கூலி உயர்வுக்குள் ஒளிந்திருக்கும் அன்பளிப்பும் அவ்வளவு பெரியது. நாளைக்கு இரண்டு பிளவுஸ் மட்டும் தைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது 100 ரூபாய்தான். தையலே போடாமல் மெஷினை மூடி வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கோ அன்பளிப்பு பூஜ்யம். 50 ரூபாய் உயர்வு அவரிடம் பேசுவதெல்லாம் ஒரே மொழியில்: மெஷினைத் திற. அதனால்தான், கூலி அடியிலிருந்து ஏறத் தொடங்கும்போது உழைப்பு கூடுவதும், ஒரு கட்டத்துக்கு மேல் குறையத் தொடங்குவதும் நடக்கலாம். பிளஸ் டூ பொருளியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ‘பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்புக் கோடு’ என்று ஒரு படம் போடச் சொல்வார்கள். அந்த வளைவுக்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இதே பெருக்கல்தான் ஓவர்டைமுக்கும் விளக்கம் தருகிறது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948இன்படி, நாளுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேல் வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டியிருந்தது. தொழிலாளியைக் காக்க வந்த விதி அது. ஆனால் ஒரு முதலாளிக்கு நிஜமாகவே கூடுதல் மணி நேரம் வேண்டுமென்றால், எல்லா மணிக்கும் கூலியை ஏற்றுவதைவிட ஓ.டி.க்கு மட்டும் ஏற்றுவதே வேலை செய்யும். நம் தையல் கணக்கிலேயே பாருங்கள்: முதல் ஆறு பிளவுஸுக்குப் பழைய 100, ஏழாவதிலிருந்து 150 என்றால், ஏழு தைக்கும் அக்காவுக்கு 600உம் 150உம் சேர்ந்து 750 வரும். வாடகை பிடுங்கிய கற்பனைக் கணக்கில் வந்த அதே 750, அதே ஏழு பிளவுஸ். ஏற்கெனவே செய்த வேலைக்கு அன்பளிப்பு இல்லாததால் பின்னுக்கு இழுக்க எதுவும் இல்லை. எல்லா பிளவுஸுக்கும் 150 கொடுத்தவர் 750 ரூபாய்க்கு ஐந்து பிளவுஸ் வாங்கினார். இவர் அதே 750க்கு ஏழு வாங்குகிறார். ஓ.டி. பணத்துக்கு ஆசைப்பட்டு ராத்திரி ஷிப்டுக்கு நிற்கும் அதே மனிதர், அடிப்படைச் சம்பளம் கூடியபின் ஓ.டி.க்கு வரமாட்டேன் என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு ஒரு குடும்பத்துக்குள்ளும் ஓடும். கணவரின் சம்பளம் கூடினால் அது மனைவியைப் பொறுத்தவரை முழுக்க முழுக்க அன்பளிப்பு. அவருடைய சொந்த ஒரு மணி நேரத்தின் விலை ஒரு பைசா ஏறவில்லை. எதிர்ப்பக்கம் இழுக்கும் பதிலீட்டு விளைவே இல்லாததால் அவர் வேலையை விடுவதற்கான சாய்வு வலுவாக இருக்கும். இந்தியாவில் 2004-05க்கும் 2011-12க்கும் இடையே பொருளாதாரம் வேகமாக வளர்ந்த காலத்திலேயே கிராமப்புறப் பெண்கள் கூலி வேலையிலிருந்தும் வயல் வேலையிலிருந்தும் பெருமளவில் விலகினார்கள். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் குடும்ப வருமான உயர்வும் ஒன்று. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பெண்பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கப் போனார்கள், வயலில் இயந்திரம் வந்தது, போகத் தகுந்த வேறு வேலை பக்கத்தில் இல்லை. வெயிலில் களை எடுப்பதை விட்டுவிட முடிந்தவர் விட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, வருமான விளைவு ஒரு கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். அப்படி மிச்சமான நேரம் ஓய்வாகவா போனது, அடுப்படியிலா போனது என்பது வேறு கேள்வி.

அன்பளிப்பால் வேலை குறையும் என்று சொல்வது எளிது. எவ்வளவு குறையும் என்று அளப்பதுதான் சிரமம். நிஜ வாழ்க்கையில் கூலி உயர்வில் இரண்டு விளைவும் பின்னிக் கிடக்கும். சொத்துள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டால் அவர்கள் வேறு பத்து விதங்களிலும் வேறுபட்டவர்கள். இதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த அழகான வழி லாட்டரி. பரிசு விழுவது அதிர்ஷ்டம். வென்றவருடைய ஒரு மணி நேர உழைப்பின் விலையை அது மாற்றுவதில்லை. தனி வருமான விளைவு, கலப்படமில்லாமல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980களின் நடுவில் லாட்டரி வென்றவர்களை குய்டோ இம்பென்ஸ், டொனால்ட் ரூபின், புரூஸ் சாசர்டோட் ஆகிய மூவர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அந்தப் பரிசு மொத்தமாக வராது. 20 ஆண்டுகளுக்கு ஆண்டுத் தவணையாக வரும், ஏறக்குறைய ஆயுள் முழுக்கச் சம்பள உயர்வு போல. ஆண்டுக்குப் பரிசாக வந்த ஒவ்வொரு 100 டாலருக்கும் அவர்கள் உழைத்துச் சம்பாதிப்பது சுமார் 11 டாலர் குறைந்தது. ஸ்வீடனில் இன்னும் பெரிய தரவைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்விலும் இதே திசைதான்: 10 லட்சம் குரோனர் வென்றவரின் சம்பாத்தியம் ஆண்டுக்குச் சுமார் 11,000 குரோனர் இறங்கியது, பல ஆண்டுகள் அப்படியே நீடித்தது.

இந்த எண்களைப் பார்த்து இரண்டு பக்கத்தாரும் ஏமாறலாம். பணம் கிடைத்தால் மக்கள் வேலையை உதறிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள் என்பவருக்கு, 100க்கு 11 என்பது சப்பென்று இருக்கும். பணம் மனிதரை மாற்றாது என்பவருக்கு, அது பூஜ்யமில்லை என்பது உறுத்தும். அறுவடைக்காரன் போல, உயர்ந்த கூலி முழுவதையும் ஓய்வாகவே மாற்றிக்கொள்வது அரிது. பெரும்பாலோர் தையல் அக்கா மாதிரி: கொஞ்சம் பணமாக, கொஞ்சம் பொழுதாக.

அந்தக் கொஞ்சம்தான் தலைமுறைகளாகச் சேர்ந்து பெரிதாகிறது. 1870களில் மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை என்பது சாதாரணம். அன்றிலிருந்து ஒரு மணி நேரத்தின் கூலி, விலைவாசி போகவே, பல மடங்கு ஏறிவிட்டது. வேலை நேரமோ அந்த நாடுகளில் 40 பக்கம், சில இடங்களில் அதற்கும் கீழே வந்துவிட்டது. தொழிற்சங்கமும் சட்டமும் போராடி வாங்கியது இது என்பது உண்மை. எட்டு மணி நேரம் போதும் என்று கேட்க முடிந்ததற்கு, எட்டு மணி நேரக் கூலியில் வீடு ஓடும் நிலை வந்ததும் ஒரு காரணம். பிக், பூக்ஸ் ஷுண்டெல்ன், லாகாகோஸ் ஆகிய மூவர் 2018இல் பல நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஏழை நாட்டில் வயதுவந்த ஒருவர் சராசரியாக வாரத்துக்கு, பணக்கார நாட்டில் இருப்பவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் உழைக்கிறார் என்று தெரிந்தது. ‘அவர்கள் நாட்டில் உழைப்பு அதிகம், அதனால் முன்னேறினார்கள்’ என்று மேடையில் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1930இல் ஜான் மேனார்ட் கெயின்ஸ், நூறாண்டில் வாரம் 15 மணி நேரம் போதும் என்றாகிவிடும் என்று எழுதினார். திசை சரி, தூரம் தப்பு. கூலி ஏற ஏற ஓய்வின் விலையும் ஏறுகிறது என்ற எதிர் இழுப்பு அந்த அளவுக்கு விடவில்லை.

வருமான விளைவைத் தலைகீழாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் வெள்ளையர் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. ஊரில் நிலமும் மாடும் இருந்த மனிதனுக்கு அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. கூலியை ஏற்றுவதற்குப் பதிலாக, செசில் ரோட்ஸ் 1894இல் கிளென் கிரே சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். மாவட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போகாத ஆண்கள் 10 ஷில்லிங் வரி கட்ட வேண்டும். அன்பளிப்பு கொடுத்தால் வேலை குறையும் என்றால், கையிலிருப்பதைப் பிடுங்கினால் வேலை கூடும், கணக்கு ஒன்றுதான். ஆட்களைச் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே அந்த வரியைப் போட்டார்கள் என்பதுதான் இதில் கசப்பு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கூலி கூடிய நாளில் ஒருவர் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் அதை உடனே வருமான விளைவு என்று எழுதிவிடக் கூடாது. நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்களை வைத்து இதில் பெரிய சண்டையே நடந்தது. அவர்கள் வண்டியை 12 மணி நேர ஷிப்டுக்கு வாடகை கட்டி எடுப்பார்கள். வாடகையும் பெட்ரோலும் போக வரும் காசு அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் வண்டியை விடலாம். சவாரி நன்றாக ஓடும் நாளில் அவர்கள் சீக்கிரமே வண்டியை விட்டுவிடுகிறார்கள் என்று காமரர், பாப்காக், லோவன்ஸ்டைன், தேலர் ஆகிய நால்வர் 1997இல் எழுதினார்கள். ஆனால் ஒரே ஒரு நாள் நல்ல வசூல் வந்தால் ஒருவருடைய ஆயுள் வருமானத்தில் அது தூசு. அதனால் அவர் பணக்காரராக உணர வழியில்லை. அன்றைக்கு ஓய்வின் விலை மட்டும்தான் ஏறியிருக்கிறது. பாடப்புத்தகப்படி அவர் நல்ல நாளில் கூடுதலாக ஓட்டி, மந்தமான நாளில் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே நால்வரும் இதற்கு வேறு விளக்கம் தந்தார்கள்: இன்றைக்கு இவ்வளவு தேற்றியாக வேண்டும் என்ற நாள் இலக்கு. இலக்கு நிறைந்ததும் வண்டி ஷெட்டுக்குப் போகிறது.

ஹென்றி பார்பர் என்ற பொருளியலாளர் இதை ஏற்கவில்லை. ஒரு நாள் வசூலை ஓட்டிய நேரத்தால் வகுத்துத்தான் மணிக் கூலி கணக்கிடப்படுகிறது. நேரத்தைக் கொஞ்சம் கூட்டித் தப்பாகக் குறித்தால், நேரம் கூடியதாகவும் கூலி குறைந்ததாகவும் ஒரே தப்பிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கும். கூலிக்கும் நேரத்துக்கும் எதிர் உறவு இருப்பது போன்ற தோற்றம் தானாக வந்துவிடும். 1997 ஆய்வு செய்த நால்வரும் இந்தப் பொறியை அறிந்தே, அதே நாளில் ஓட்டிய மற்றவர்களின் வசூலைக் கொண்டு சரிபார்த்திருந்தார்கள். இருந்தாலும் அவர்களிடம் இருந்த ஷீட்டுகள் குறைவு. பின்னாளில் மீட்டர் எல்லாம் மின்னணுவான பிறகு, 2009 முதல் 2013 வரையிலான சவாரிப் பதிவுகளை எடுத்து பார்பர் 2015இல் மறுபடி கணக்குப் போட்டார். பொதுவாக நல்ல நாளில் ஓட்டுநர்கள் கூடுதலாகவே ஓட்டினார்கள். அனுபவம் கூடக் கூட அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஜூரிக் நகரில் எர்ன்ஸ்ட் பேர், லோரென்ஸ் கெட்டே இருவரும் சைக்கிள் கூரியர்களிடம் செய்து 2007இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நான்கு வாரம் கமிஷனை 25 சதவீதம் ஏற்றினார்கள். அந்த வாரங்களில் அவர்கள் எடுத்த ஷிப்டுகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடின. ஆனால் ஒவ்வொரு ஷிப்டுக்குள்ளும் போட்ட உழைப்பு சுமார் 6 சதவீதம் குறைந்தது. ஷிப்டின் எண்ணிக்கையில் பாடப்புத்தகம் ஜெயித்தது. ஷிப்டுக்குள் நாள் இலக்கின் சாயல் தெரிந்தது. நிலையான சம்பள உயர்வும் நான்கு வார உயர்வும் ஒரே மனிதரை இரண்டு திசையில் தள்ளலாம் என்பதால், எவ்வளவு காலத்துக்கு ஏறியது என்று கேட்காமல் கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பார்பர் தன் கட்டுரையில் நியூயார்க்வாசிகளின் பழைய புலம்பல் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்: மழை பெய்தால் ஏன் டாக்ஸி கிடைப்பதில்லை? மழையில் சவாரி குவிவதால் ஓட்டுநர்கள் நாள் இலக்கைச் சீக்கிரம் எட்டி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பது பலரும் சொல்லிவந்த விளக்கம். பதிவுகளைப் பார்த்தால், மழையில் ஓட்டுநரின் மணி வசூல் கூடுவதே இல்லை. சவாரி கேட்பவர் கூடுகிறார்கள், தெருவில் வண்டி ஊர்கிறது, ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. தெருவில் டாக்ஸிகள் குறைவது உண்மை. மழையில் வண்டி ஓட்டுவது தொல்லை என்பது அதற்குப் போதுமான காரணம் என்று பார்பர் விட்டுவிட்டார்.